நிறுவனம் மாறுகிறேன்: வாடிக்கையாளர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும்

தாராவி, சயான், செம்பூர் ஏற்றுமதியாளர்கள் அனைவருக்கும்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஜூலை 31 நம்ம ஆபீஸில் எனக்குக் கடைசி வேலை நாள். ஆகஸ்ட் 1 முதல் பேலாபூரில் வேறொரு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் நிறுவனத்தில் இறக்குமதிப் பிரிவில் சேர்கிறேன். முதலாளியிடம் முதலில் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன். மனக்கசப்பு எதுவும் இல்லை. இதுவரை ஏற்றுமதி மட்டுமே பார்த்த எனக்கு இறக்குமதி வேலையும் கற்றுக்கொள்ள ஆசை, அவ்வளவுதான்.

உங்கள் சரக்கைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். கிளியரன்ஸுக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, என் பெயரில் இல்லை. அதனால் புதிதாக எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நவ சேவா கன்டெய்னர் வேலையை இனி முருகேசன் பார்ப்பார், சகார் ஏர் கார்கோவை ஜெயந்தி பார்ப்பார். இருவருமே உங்கள் ஃபைல்களில் வேலை செய்தவர்கள்தான். தோல் பைக்கு எந்த அண்ணாச்சி எந்த ஹெச்எஸ் கோடு போடுவார், யாருடைய இன்வாய்ஸ் கடைசி நிமிடத்தில் மாறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பாதியில் நிற்கும் டிராபேக், ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் விவரங்களைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் இருவரும் உங்களுக்கு போன் செய்வார்கள்.

உங்களுடைய ஐஇசி, பான், ஏடி கோடு, வங்கிக் கடிதம் எல்லாம் ஆபீஸில்தான் இருக்கின்றன. ஒரு நகல்கூட நான் எடுத்துப் போகவில்லை. அவசரத்துக்கு என் சொந்த வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியவற்றையும் ஆபீஸ் ஃபைலில் சேர்த்துவிட்டு அழித்துவிட்டேன். இனி பழக்கத்தில் இன்வாய்ஸையோ பேக்கிங் லிஸ்ட்டையோ எனக்கு அனுப்பிவிடாதீர்கள். நான் கவனிக்காமல் விட்டால் கட் ஆஃப் தவறி, உங்கள் பெட்டி கப்பலேறாமல் போய்விடும்.

சிலர் கேட்பீர்கள் என்று தெரிந்தே இதையும் எழுதுகிறேன். "நீ எங்கே போறியோ அங்கேயே வேலையைக் கொடுக்கிறோம் தம்பி" என்று அன்பாகச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு வருடத்துக்கு உங்களிடம் வேலை கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதிக் கொடுக்காமல் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த இடம் இது. புது நிறுவனத்தின் பெயரை இங்கே போடாததும் அதனால்தான், போட்டால் விளம்பரம் ஆகிவிடும். நேரில் பார்க்கும்போது கார்டு தருகிறேன். இங்கத்தைய ரேட் அங்கே போகாது, அங்கத்தைய ரேட் இங்கே வராது.

2020 லாக்டவுனில் தாராவி மூடிக் கிடந்தது. துறைமுகத்தில் நின்ற பெட்டிகளுக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. உங்களுக்கே பணம் வராத அந்த நேரத்திலும் யாரும் என்னிடம் குரல் உயர்த்தவில்லை. "சாப்பிட்டியா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா" என்றுதான் போனை ஆரம்பித்தீர்கள். அது எனக்கு எத்தனை பெரிய பலமாக இருந்தது என்று அப்போது சொல்ல வாய்க்கவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி.

என் நம்பர் மாறவில்லை, வீடும் அதே செம்பூர்தான். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று எதற்கும் என்னை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
சுந்தர்

*

ஆபீஸ் நண்பர்களுக்கு

முருகேசன், ஜெயந்தி, மற்ற எல்லோருக்கும்,

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கடிதம் மேலே இருக்கிறது. அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறேன் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஜி கார்டை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டேன். போர்ட்டல் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றிவிடுங்கள், எனக்குத் தெரிந்தது எதுவும் அப்படியே இருக்க வேண்டாம். SB005 பிழையில் நிற்கும் ரீஃபண்டுகளுக்குச் சிவப்பு ஃபைல். ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் நம்பரும் ஜிஎஸ்டிஆர்-1இல் இருப்பதும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒவ்வொன்றிலும் குறித்திருக்கிறேன். கட்சிக்காரரின் ஆடிட்டரிடம் நேரடியாகப் பேசுங்கள், கட்சிக்காரரிடமே கேட்டால் இழுத்துக்கொண்டே போகும்.

முருகேசா, சயான் பெரிய அண்ணாச்சிக்கு மெயில் மட்டும் போட்டால் போதாது. பில் ஃபைல் ஆனதும் ஒரு போன் போட்டுவிடு. ஜெயந்தி, கஸ்டம்ஸ் அதிகாரி கேள்வி கேட்டால் நீயே பதில் எழுது. உன் டிராஃப்ட்டை நான் திருத்தியே பல மாதம் ஆகிறது.

பழைய ஃபைலில் ஏதாவது புரியாவிட்டால் மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், மேனேஜருக்குச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். நான் செய்த வேலைக்கு விளக்கம் சொல்வேன். புதுக் கட்சிக்காரர் யார், யாருக்கு என்ன ரேட் என்பது மட்டும் நம் பேச்சில் வர வேண்டாம். நமக்குள் எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது.

சனிக்கிழமை மாட்டுங்காவில் டிபன் சாப்பிடும் பழக்கத்தை நான் விடப்போவதில்லை. காலை எட்டரைக்கு வந்துவிடுகிறேன்.

சுந்தர்