கட்டைவிரல்

அக்கா வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். கட்டைவிரலில் நகம் இல்லை. அது இருந்த இடத்தில் ஈரம் காயாத இளஞ்சிவப்புத் தோல். சுட்டுவிரல் நகம் அடியில் பழுப்பேறி, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"படம் எடுத்துக்கொள். முகம் வேண்டாம். பெயரும் வேண்டாம், தம்பி."

எடுத்தேன்.

எங்கள் ஊர் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா. அம்மாவுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. அக்கா பதினெட்டு ஆண்டுகளாகத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். என் அம்மாவோடு ஒரே லயத்தில் இருந்தவர். பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. தடைக்கு முன்னால் அதை முதுகில் சுமந்து அடித்தவர் என்பதால், அந்த நீல நிறமும் குமட்டும் நாற்றமும் அவருக்கு மறக்காது. இப்போது ஸ்டோரில் லேபிள் கிழித்த கலன்களிலிருந்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஊற்றிக் கொடுப்பது அதேதான் என்கிறார். ஒரு கலனையும் ரகசியமாகப் படம் எடுத்து வந்திருந்தார்.

இரவு எட்டரைக்கு என் பத்திரிகை ஆசிரியர் அழைத்தார்.

"முதல் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன். ஆனால் பெயர் வேண்டும். லேபிள் இல்லாத கலனைக் காட்டி நச்சு மருந்து என்றால், நிர்வாகம் வழக்குப் போடும். நாளை நான் யாரை நிறுத்துவேன்?"

அவர் சொன்னதில் தவறில்லை. நானும் இத்தனை ஆண்டுகளில் பெயர் சொல்லத் துணியாதவர்களின் பேச்சை நம்பி இரண்டு முறை அடிபட்டவன். ஆனால் அக்காவின் வீடு தோட்டத்தின் வீடு. வேலை போனால் சாவியையும் கொடுக்க வேண்டும். மகள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறாள்.

"பெயரை விட்டுவிட்டு எழுதிப் பார்க்கிறேன், சார்."

எழுதினேன். "பதினெட்டு ஆண்டுகளாக மருந்து தெளிக்கும் பெண் தொழிலாளி ஒருவர்" என்று தொடங்கியது. கூடவே கையின் படம். நன்றாகத்தான் வந்திருந்தது. அனுப்பும் முன் அதை மண்டோர் படிப்பதுபோல் ஒருமுறை படித்தேன். மருந்து அடிக்கும் கூட்டத்தில் ஆறு பேர். ஐவர் வங்காளதேசத்து இளைஞர்கள். பெண் என்று எழுதிய இடத்திலேயே அக்காவின் பெயரை எழுதிவிட்டேன்.

"பெண்" என்பதை அழித்தேன். பதினெட்டு ஆண்டுகளை அழித்தேன். நகமில்லாத அந்த விரலைக் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும், படத்தையும் நீக்கினேன். மிஞ்சியது ஒரு கலனும் ஒரு நாற்றமும். அது செய்தி ஆகாது.

இன்னொன்றும் நெஞ்சை அறுத்தது. தகவல் தருவோரைக் காக்க 2010-இல் சட்டம் வந்தது. ஆனால் அமலாக்கத் துறையிடம் சொன்னவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. பத்திரிகையிடம் சொன்னவருக்கு இல்லை. அக்கா முதலில் என்னிடம் வந்தார். என்னை நம்பி வந்ததே அவரை வெட்டவெளியில் நிறுத்திவிடும்.

ஆசிரியரை அழைத்தேன். "சார், இன்று செய்தி இல்லை."

"வேறு பத்திரிகை முந்திக்கொண்டால்?"

"முந்தட்டும், சார்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இடத்தில் சாலை விபத்தைப் போடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி பத்து. மகள் பாடப் புத்தகத்தை மூடாமலே எழுந்து உள்ளே போனாள். விவசாயத் துறையில் பூச்சிமருந்துச் சட்டத்தைப் பார்க்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் புகார் கொடுப்போம், அவர்கள் வந்து கலனைச் சோதித்த பிறகு நான் எழுதுகிறேன் என்றேன்.

"அங்கே பெயர் கேட்பார்களா?"

"கேட்பார்கள். புகார் கொடுத்தவர் யார் என்று அவர்கள் வெளியே சொன்னால் அது குற்றம்."

"சட்டம் அப்படித்தான் சொல்லும். மண்டோர் கேட்டால் சொல்லாமல் இருப்பார்களா?"

இருப்பார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

அக்கா நெடுநேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து, மூடியைக் கட்டைவிரல் படாமல் உள்ளங்கையால் நெம்பித் திறந்தார். அடையாள அட்டையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார்.

"உன் மோட்டார் சைக்கிளில் வரமாட்டேன். காலை பஸ்ஸில் வருகிறேன். நீ முன்னால் போய் நில். மருத்துவமனைக்குப் போகிறேன் என்று மண்டோரிடம் சொல்லிவிடுகிறேன். விரலைக் காட்டினால் நம்புவார்."