வாரண்டிக் காலத்தில் பழுதான இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் புதிய பேட்டரி கேட்டு விண்ணப்பம்

நாள்: 14.10.2024

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாரண்டி மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி, வரிசை எண் 2301 5847 1162, விற்பனை ரசீது எண் 1847, நாள் 22.02.2023. நான்காவது செல் பழுது. மாற்றுப் பேட்டரி கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மேலே சொன்ன பேட்டரியை உங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் 22.02.2023 அன்று வாங்கினேன். இரண்டு நாள் கழித்து அவருடைய ஆளே வந்து இன்வெர்ட்டருடன் பொருத்திக் கொடுத்தார். வாரண்டி அட்டையில் முதல் 36 மாதங்களுக்கு இலவச மாற்று, அதன்பின் 24 மாதங்களுக்கு விலையில் கழிவு என்று உள்ளது. வாங்கி இன்னும் 20 மாதம்கூட முடியவில்லை. ஆகவே இது இலவச மாற்றுக் காலத்துக்குள் வருகிறது.

ரசீதைப் பற்றி ஒரு விளக்கம். அது வெப்பத்தில் அச்சாகும் தாளில் கொடுக்கப்பட்டது, இப்போது எழுத்து பாதிக்கு மேல் மங்கிவிட்டது. நல்லவேளையாக வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் ரசீது எண், நாள், பேட்டரியின் வரிசை எண், என் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. மங்கிய அசல், அந்தப் படம், அதே நாளில் அதே தொகை விற்பனையாளருக்குச் சென்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையின் பக்கம், மூன்றையும் இணைத்துள்ளேன். வாரண்டி அட்டையில் விற்பனையாளரின் முத்திரையும் விற்பனை நாளும் உள்ளன. பேட்டரியின் மேல்மூடியில் பொறித்திருக்கும் எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதான் என்பதை இணைத்துள்ள படத்தில் பார்க்கலாம்.

இனி பழுது. இந்தப் பேட்டரியை வாங்கியதே என் அப்பாவுக்காக. இரவில் அவருக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓட வேண்டும். அது சுமார் 320 வாட் எடுக்கும். ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் சேர்ந்தால் 400 வாட். வாங்கிய நாளிலிருந்து இந்தச் சுமைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கியது. கடந்த ஆகஸ்ட் கடைசியில் அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. செப்டம்பர் 27 இரவு மின்சாரம் போன பன்னிரண்டாவது நிமிடமே இன்வெர்ட்டர் அலாரம் அடித்து நின்றுவிட்டது. அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, உட்காரவைத்து, மின்சாரம் வரும்வரை நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பேட்டரியை நம்பி எங்களால் தூங்க முடியவில்லை.

மறுநாள் காலையே உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அக்டோபர் 2 அன்று உங்கள் டெக்னீஷியன் வந்தார். பொறுமையாக, நன்றாகவே சோதித்தார். ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்களின் கிராவிட்டியையும் எடுத்து, வேலைத்தாளில் தன் கையாலேயே குறித்தார். பாசிட்டிவ் முனையிலிருந்து வரிசையாக 1200, 1195, 1200, 1080, 1200, 1195. "நாலாவது செல் போயிடுச்சும்மா" என்றும் சொன்னார். ஆனால் முடிவுப் பகுதியில் "48 மணி நேரம் சார்ஜ் செய்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே செய்தோம். இரண்டு நாள் எந்தச் சுமையும் கொடுக்காமல் சார்ஜில் வைத்தோம். அந்த இரண்டு நாளுக்கும் அப்பாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். அப்புறம் இணைப்பைக் கழற்றி ஓர் இரவு ஓய்வில் விட்டு, அக்டோபர் 5 காலையில் எங்கள் எலக்ட்ரீசியனை வைத்து மறுபடி அளந்தோம். 1240, 1235, 1240, 1090, 1240, 1235. மற்ற ஐந்து செல்களும் 40 புள்ளி ஏறியிருக்கின்றன, நான்காவது செல் 10 புள்ளிதான் ஏறியிருக்கிறது. பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் 10.6 வோல்ட். இந்த நிலையில் நல்ல பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஐந்து நல்ல செல்கள் மட்டுமே சேர்ந்து 10.4 வோல்ட் தந்துவிடும். அப்படியானால் நான்காவது செல்லின் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. உள்ளே ப்ளேட்டுகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். வெளியிலிருந்து சார்ஜ் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய பழுது இது இல்லை.

போனில் பேசியபோது, தண்ணீர் சரியாக ஊற்றாமல் விட்டிருப்பீர்கள் என்று உங்கள் அலுவலர் ஒருவர் சொன்னார். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றி வந்திருக்கிறோம். ஊற்றிய நாட்களை இன்வெர்ட்டர் டிராலியில் ஒட்டிய தாளில் குறித்திருக்கிறேன், அதன் படமும் இணைப்பில் உள்ளது. செப்டம்பரில் மட்டும் இரண்டு வாரத்திலேயே அளவு இறங்கியது உண்மை. ஒரு செல் ஷார்ட் ஆனால், ஆறு செல்லுக்கு என்று வரும் சார்ஜ் முழுவதும் மற்ற ஐந்தின்மேல் விழும். அவை சூடாகிக் கொதித்து, தண்ணீர் வேகமாக வற்றும். தண்ணீர் குறைந்ததால் செல் கெடவில்லை, செல் கெட்டதால்தான் தண்ணீர் குறைந்தது. தண்ணீர் ஊற்றாததுதான் காரணம் என்றால் ஒரு செல் மட்டும் தனியாகக் கெட்டு மற்ற ஐந்தும் ஒரே அளவில் நிற்காது. இன்வெர்ட்டரின் சார்ஜிங் பகுதி சரியாக இருப்பதாக உங்கள் டெக்னீஷியனே வேலைத்தாளில் எழுதியிருக்கிறார்.

நான் கேட்பது இதே திறனுள்ள புதிய பேட்டரி. பழுதுபார்த்த பேட்டரியோ, வேறு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததோ வேண்டாம். இந்த வகை இப்போது இருப்பில் இல்லையென்றால், கூடுதல் பணம் கேட்காமல் இதைவிட அதிகத் திறனுள்ளதைத் தரலாம். இரண்டுமே முடியாது என்றால் கொடுத்த பணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள், ஆனால் அது என் கடைசி விருப்பம்தான். பணத்தைவிட அப்பாவுக்கு ஓடும் பேட்டரி ஒன்று சீக்கிரம் வேண்டும். புதிய பேட்டரிக்குப் பழைய வாரண்டியின் மீதிக் காலம்தான் உண்டு என்பது அட்டையிலேயே இருக்கிறது, அதை ஏற்கிறேன். புதிய வரிசை எண்ணை அட்டையில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தால் போதும்.

பேட்டரியை எடுத்துப்போய் ஒரு வாரம் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் போனில் சொன்னார்கள். சோதனைக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே நடையில் தற்காலிகப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து பொருத்திவிட்டு இதை எடுத்துச் செல்லுங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள, அமிலம் நிறைந்த பெட்டியை நான் சேவை மையத்துக்குச் சுமந்து வர முடியாது. சிலிண்டர் வாடகையை நான் உங்களிடம் கேட்கவில்லை. இனியும் அந்தச் செலவு நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பத்து நாளுக்குள் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்பதாக இருந்தால் வாரண்டி அட்டையின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் இதே ஆவணங்களுடன் போக வேண்டியிருக்கும். என் முகவரியும் கைப்பேசி எண்ணும் புகார்ப் பதிவிலேயே உள்ளன. பகலில் எந்த நேரமும் வீட்டில் ஆள் இருப்போம், வருவதற்கு முன் ஒரு போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
க. மல்லிகா

இணைப்பு: விற்பனை ரசீது அசலும் அதன் படமும், வங்கி அறிக்கைப் பக்கம், வாரண்டி அட்டையின் நகல், வரிசை எண்ணின் படம், 02.10.2024 வேலைத்தாளின் நகல், 05.10.2024 அளவீடுகளின் படங்கள், தண்ணீர் ஊற்றிய நாட்களின் குறிப்பு.