மலருக்கு, அப்பா எழுதுவது

சங்கரன்கோவில்
11.8.2024

அன்பு மகள் மலருக்கு,

பெட்டியில் அம்மா வைத்த பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். நீ இதைப் பிரிக்கிற நேரம் நாங்கள் உன்னை விடுதியில் விட்டுவிட்டு மதுரை தாண்டி வந்துகொண்டிருப்போம். கிளம்புகிற அவசரத்தில் சொல்ல வராது என்று தெரிந்துதான் முந்தின நாள் ராத்திரியே எழுதி வைக்கிறேன்.

கூடவே ஒரு கேசட் அட்டை இருக்கிறது, பார். நீ பிறப்பதற்கு முன்னால், பஜாரில் நான் பாட்டுப் பதிவு செய்து கொடுத்த கடையில் மிஞ்சிய அட்டை. ஒரு பக்கத்துக்கு ஆறு கோடு போட்டிருக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம், ஆறு பாட்டு அடங்கும். ஆறாவது பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று பில்லின் பின்பக்கம் பென்சிலால் நிமிடக் கணக்குப் போட்டுத்தான் பதிவைத் தொடங்குவேன். அந்தக் கணக்கை உனக்கும் போட்டிருக்கிறேன். பாட்டெல்லாம் உன் போனில் ஏற்றியாகிவிட்டது. அட்டையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுகுமலைப் பக்கத்து அண்ணன் ஒருவர், பட்டாளத்தில் சேர்ந்து முதல்முறை வடக்கே போகிறவர், வந்து நின்றார். "ஊர் ஞாபகம் வராத பாட்டாப் பார்த்துப் போட்டுக் கொடு தம்பி" என்றார். நானும் யோசித்து யோசித்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருஷம் லீவில் வந்தபோது அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். நாடா ஒரே இடத்தில் தேய்ந்து, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இருந்தது. அந்த ஒரு பாட்டை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார். "இதைக் கேட்டா அங்கேயே இருந்திரலாம்னு தோணும்" என்றார். அன்றிலிருந்து வெளியூர் போகிறவர்களுக்குப் பாட்டுத் தேடும்போது எனக்கு அந்த வார்த்தைதான் நினைவில் நிற்கும். உனக்கும் அப்படிப்பட்ட பாட்டாகத்தான் தேடினேன்.

முதல் ராத்திரிக்கு 'கண்ணே கலைமானே'. 'மூன்றாம் பிறை' படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது, அவர் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. 1982இல் படம் வந்தபோது அவர் இல்லை. யேசுதாஸ் குரலில் கேட்டுப் பழகி, என் குரலில் உன்னைத் தொட்டிலில் ஆட்டியிருக்கிறேன். புது இடத்தில், புதுக் கட்டிலில், மின்விசிறிச் சத்தம்கூட வேறாக இருக்கும். தூக்கம் வராது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேள். போதும்.

இரண்டாவது 'மயக்கமா கலக்கமா'. 1962, 'சுமைதாங்கி'. இதுவும் கண்ணதாசன்தான், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, பாடியது பி.பி.ஸ்ரீனிவாஸ். இந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து பாட்டெழுத மெட்ராஸ் வந்த வாலி, வாய்ப்பே கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிவிட முடிவு செய்த நேரம். அவர் தங்கியிருந்த அறைக்கு ஸ்ரீனிவாஸ் வந்திருக்கிறார். சமீபத்தில் என்ன பாடினீர்கள் என்று வாலி கேட்க, அவர் இதைப் பாடிக் காட்டியிருக்கிறார். கேட்டு முடித்ததும் ஊருக்குப் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டேன் என்று வாலியே பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு வாடகை அறை, பெட்டி கட்டத் தயாராக ஒரு மனிதர், எதிரே உட்கார்ந்து பாடுகிற ஒரு நண்பர். எப்போது கேட்டாலும் அந்த அறைதான் என் கண் முன்னால் வரும். உனக்கு மார்க் குறைகிற நாள் வரும். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றலாம். அன்றைக்கு இதைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணி ஆனாலும் எடுப்பேன்.

அதே வாலி பின்னால் எழுதியதுதான் உன் அம்மா பூக் கட்டும்போது முணுமுணுக்கிற 'நாளை இந்த வேளை பார்த்து'. 1968இல் வந்த 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டு. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டது இதைப் பாடிய சுசீலாவுக்குத்தான். அன்றைக்கு வாலி பெட்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் அம்மாவுக்கு இந்தப் பாட்டு ஏது? நிலாவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு, மொட்டை மாடியில் கேள். அம்மா முதல் கண்ணியைக் கட்டும்போது ஆரம்பிப்பாள், நாலு முழம் முடியும்வரை ஓடும்; ஒரு நாளும் சரணத்தை முழுசாகப் பாடியதில்லை. நீ முழுசாகக் கற்றுக்கொண்டு வந்து அவளுக்குப் பாடிக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க 'சின்னச் சின்ன ஆசை'. 'ரோஜா' கேசட் வந்த 1992இல் கடைக்கு வந்தவர்களெல்லாம் முதல் பாட்டாக அதைத்தான் கேட்டார்கள். ரஹ்மானுக்கு முதல் படம் அது. மின்மினியின் குரல் இன்னும் அப்படியே புதுசாக இருக்கிறது.

ஐந்தாவது 'தென்றல் வந்து தீண்டும்போது', 1995, 'அவதாரம்'. இளையராஜாவும் ஜானகியும் பாடியது. கண் தெரியாத பெண் நிறத்தைப் பற்றிக் கேட்கிறாள், அவன் அவளுக்குப் புரிகிற விதமாகச் சொல்கிறான். உன் அறையில் வேறு ஊர், வேறு பேச்சு, வேறு சாப்பாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒன்றைப் புரியவைக்க அவன் அளவுக்குப் பொறுமையாக இரு. இந்தப் பாட்டை மட்டும் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதே. இடையில் வருகிற இசையில்தான் உயிர் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டு வரிக்குப் போகாதே.

'ஒவ்வொரு பூக்களுமே' ஏன் இல்லை என்று கேட்பாய். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் நீயே பாடியது, அதை அப்பா எழுதித் தர வேண்டியதில்லை. அட்டையின் இரண்டாம் பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். உன் அறைப் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டுப் பாட்டைக் கேட்டு அதில் எழுதிக்கொள். ராத்திரி பாட்டுக்குப் பாட்டு வைத்தால் கூச்சப்படாமல் முதல் ஆளாகப் பாடு.

அப்புறம், ரோட்டில் நடக்கும்போது காதில் எதையும் மாட்டாதே. இது ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஆறாவது கோட்டில் 'ஆனந்த யாழை' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். 'தங்க மீன்கள்' வந்த 2013இல் உனக்கு ஏழு வயது, என் மடியில் உட்கார்ந்துதான் பார்த்தாய். நா.முத்துக்குமார் ஒரு அப்பாவாக இருந்து எழுதிய பாட்டு. அதை முதல் இரண்டு மாதம் கேட்காதே. நானும் கேட்க மாட்டேன். தீபாவளிக்கு நீ வரும்போது பழைய ஸ்பீக்கரைத் துடைத்து வைக்கிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து கேட்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலையைத் துவட்டாமல் படுக்காதே.

உன் அப்பா