தோட்டப் பாதை கொங்கிரீட் வேலை: தகைமை நிபந்தனைகளுக்கு விளக்கம் கோரல்

தலவாக்கலை,
2026.03.03

செயலாளர்,
பெறுகைப் பிரிவு,
பிரதேச சபை அலுவலகம்.

ஐயா / அம்மணி,

விலைமனு இலக்கம் 2026/வேலை/07

மேற்படி விலைமனு ஆவணத்தைப் பெப்ரவரி 26ஆம் திகதி தங்கள் காசாளரிடம் பணம் கட்டி வாங்கினோம். மார்ச் 24ஆம் திகதி பிற்பகல் 2 மணிக்கு முன் பெட்டியில் இட எண்ணியுள்ளோம். அதற்கு முன் சில நிபந்தனைகளில் தெளிவு தேவைப்படுகிறது.

முதலாவது, தரம். பத்திரிகை அறிவித்தலில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் சி8 அல்லது அதற்கு மேல் என்று உள்ளது. ஆவணத்தின் 11ஆம் பக்கத்தில் சி7 அல்லது அதற்கு மேல் என்றிருக்கிறது. நாங்கள் சி8. எது செல்லும்? சி7தான் என்றால் மற்றக் கேள்விகளுக்கே இடமில்லை, வங்கிப் பிணைக்காகக் காசை முடக்கவும் தேவையில்லை.

அடுத்தது அனுபவம். கடந்த 5 ஆண்டுகளில் இதை ஒத்த 2 வேலைகள் முடித்திருக்க வேண்டும் என்கிறது நிபந்தனை. ஒன்று, 2023இல் தோட்ட நிர்வாகம் ஒன்றுக்காக லயங்களுக்குப் போகும் 310 மீற்றர் பாதைக்குக் கொங்கிரீட் போட்டோம். அது அரச வேலை அல்ல. தோட்ட முகாமையாளரின் நிறைவுக் கடிதம்தான் உண்டு. மற்றது, 2024இல் பெரிய ஒப்பந்தகாரர் ஒருவரிடம் உப ஒப்பந்தமாகச் செய்த வடிகானும் தடுப்புச் சுவரும். இவ்விரண்டும் கணக்கில் எடுக்கப்படுமா? உப ஒப்பந்தத்துக்குப் பிரதான ஒப்பந்தகாரரின் கடிதம் போதுமா, வேலை கொடுத்த திணைக்களத்தின் ஒப்பமும் வேண்டுமா? இன்னொன்று: கடந்த நவம்பர் டித்வா புயலில் எங்கள் காரியாலயத்துக்குள் சேறு புகுந்து, தோட்டக் கடிதத்தின் மூலப்பிரதி ஊறிப்போனது. முத்திரை மங்கலாகத் தெரிகிறது, ஒப்பம் அழிந்துவிட்டது. முன்பே எடுத்து வைத்த போட்டோப் பிரதியைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தித் தந்தால் ஏற்பீர்களா?

வருடாந்தப் புரள்வுக்கு 3 ஆண்டுக் கணக்கறிக்கை கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பங்குடைமை 2024 ஜூனில்தான் பதிவானது. அதற்கு முன் இதே தொழிலை என் பெயரில் தனி வியாபாரமாக நடத்தினேன். 2023 பாதை வேலையும் அந்தப் பெயரில்தான் செய்தது. அந்தக் காலக் கணக்கையும் அனுபவத்தையும் சேர்த்துக் காட்டலாமா?

எங்கள் விலை 50 இலட்சம் ரூபாவைத் தாண்டும் போலிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க பொது ஒப்பந்தங்கள் சட்டப்படி பீ.சீ.ஏ. 3 பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டோம். அந்தச் சான்றிதழ் கட்டாயம் விலைமனுவுடனேயே இருக்க வேண்டுமா?

ஆவணத்தின்படி விளக்கம் கேட்க மார்ச் 10 வரை நேரம் உண்டு. பிணை எடுக்க எங்கள் வங்கி 5 வேலை நாள் கேட்பதால், மார்ச் 13க்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி. பதிலைத் தமிழில், எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் சொன்னதைத் திறப்பு நாளில் காட்ட முடியாது. ஆவணம் வாங்கிய மற்றவர்களுக்கும், கேட்டவர் பெயரைக் குறிப்பிடாமல், இதே விளக்கத்தை அனுப்புவீர்கள் என நம்புகிறோம்.

பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதி இணைப்பில் உள்ளது.

இப்படிக்கு,
ம. யோகேஸ்வரன்
முகாமைப் பங்காளர்