பிளாஸ்திரியில் ஒரு பூ

படத்தில் இருப்பது என் இடது கை. பிளாஸ்திரிமேல் நீலப் பேனாவில் பூ வரைந்தது என் மகள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், "வெள்ளையா இருக்கும்மா, நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு அவளே பேனாவை எடுத்து வந்தாள். ஐந்து இதழ், ஒரு காம்பு, இலை மட்டும் பாதியில் நிற்கிறது.

இன்று காலை மதுரை பெரியாஸ்பத்திரி இரத்த வங்கியில் இரத்தம் கொடுத்தேன். எனக்கு இது முதல் முறை. ஆனால் இரத்தப் பையை நான் பார்ப்பது முதல் முறை இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், இவள் பிறந்த இரவில், பிரசவம் முடிந்தும் எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த இரவு எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, அம்மா என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, கம்பியில் தொங்கிய சிவப்புப் பை. மூன்று பை ஏற்றினார்கள் என்று பிறகு அம்மா சொன்னார். பையில் ஒரு எண், பி பாசிட்டிவ், எடுத்த தேதி, காலாவதித் தேதி. கொடுத்தவர் பெயர் எதிலும் இல்லை. அது இருக்கவும் கூடாது, அப்படித்தான் விதி.

எடுத்த தேதி என்று ஒன்று அதில் இருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன். அந்த இரவு இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் யாருக்கெல்லாமோ போன் போட்டிருக்கிறார், நண்பர்கள் கிளம்பி வந்தும் இருக்கிறார்கள். ஆனால் எனக்குள் போனது அவர்களுடைய இரத்தம் இல்லை. கொடுத்த இரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று பரிசோதனைகள் முடிய வேண்டும், அப்புறம் நோயாளியின் இரத்தத்தோடு சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நேரம் என்னிடம் இல்லை. யாரோ மூன்று பேர் ஏதோ ஒரு சாதாரண நாளில், யாரும் அவசரமாகக் கூப்பிடாதபோதே கொடுத்துவிட்டுப் போன பைகள் குளிர்பெட்டியில் தயாராக இருந்தன. அந்த மூன்று பேருக்கும் என் பெயர் தெரியாது, எனக்கு ஒரு பெண் இருப்பதும் தெரியாது. வீட்டில் மகள் ஏதாவது புதிதாகப் பேசும்போதெல்லாம், இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய மூன்று வீடு இருக்கிறதே என்று தோன்றும். முகவரி இல்லாததால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்து ரொம்ப நாளாகிறது. பால் கொடுக்கும் காலத்தில் கூடாது என்றார்கள், சரி என்று காத்திருந்தேன். அப்புறம் அலுவலகத்தில் நடந்த ஒரு முகாமுக்குப் போனேன். விரலில் குத்தி, ஒரு துளியை நீல நிறக் கரைசலில் விட்டார்கள். துளி கீழே இறங்க வேண்டும். என்னுடையது மேலேயே நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு இருந்தது 11.2. ஆறு மாதம் கழித்துப் போனபோது 12.1. அன்றைக்கும் திருப்பி அனுப்பினார்கள். அந்த சிஸ்டர் என் தோளைத் தொட்டு, "உங்களுக்கே வேணும்மா, முதல்ல அதைச் சேர்த்துக்கங்க" என்று சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெண்கள் நிறையப் பேருக்கு இதுதான் கதை என்று பிறகு தெரிந்தது. தோழிகளிடம் சொன்னால் நான்கில் மூன்று பேர் "என்னையும் திருப்பி அனுப்பினாங்க" என்கிறார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே நாம் வளர்ந்திருக்கிறோம், களைப்பு வந்தால் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை விடச் சொன்னார், அது இரும்பை உடம்பில் சேரவிடாதாம். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முருங்கைக்கீரைப் பொரியல், கம்பங்கூழ், கீரையோடு எலுமிச்சம்பழச் சாதம் என்று வீட்டில் சமையலே கொஞ்சம் மாறியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றதை ஒரு நாள் திடீரென்று கவனித்தேன்.

இன்று துளி நேரே அடிக்குப் போனது. 12.8.

அங்கே நடந்தது இவ்வளவுதான்: ஒரு படிவம். காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, ஆபரேஷன் ஆனதா என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்காக. எடை, இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஊசி போகும்போது சுருக்கென்று வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் கையில் ஒரு மென்பந்தைக் கொடுத்து, "மூடி மூடித் திறங்கம்மா" என்றார்கள். பை பக்கத்தில் ஒரு சின்ன மேடையில் தாலாட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. உறையாமல் இருக்கும் மருந்து உள்ளே கலப்பதற்காகவாம். 350 மில்லி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்தபோது லேசாகத் தலை சுற்றியது. மறுபடி படுக்க வைத்து, காலடியில் தலையணை வைத்தார்கள், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து, முழுதாகச் சாப்பிட்ட பிறகுதான் விட்டார்கள்.

சிவப்பணுக்கள் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே குளிர்பெட்டியில் இருக்கும் என்றார் அங்கிருந்த தம்பி. தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். எப்போதும் யாராவது கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பெட்டி காலியாகாது என்பது அப்போதுதான் உறைத்தது. தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இது மாதாமாதம் வாங்கும் அரிசி மாதிரி.

படம் போடலாமா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். போன வருடம் என் சித்தி மகள் இதே மாதிரி ஒரு கையை மட்டும் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் "எங்கே போனே, என்ன கேட்டாங்க" என்று அவளிடம் விசாரித்தேன். அதே கேள்விகள் உங்கள் மனதில் இருந்தால் இங்கே கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் உங்கள் ஹீமோகுளோபின் அளவையும் சொல்லுங்கள், கீரை வகைகளைப் பற்றி இப்போது நிறையவே பேச முடியும். உடல்நிலை காரணமாகவோ மாத்திரை காரணமாகவோ கொடுக்கவே முடியாதவர்கள் இதைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம். என் அம்மாவும் கொடுக்க முடியாதவர்தான், அந்த இரவு என் பாதம் சில்லிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

அடுத்து 120 நாள் கழித்துத்தான் பெண்கள் கொடுக்கலாம். நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். மகள் எட்டிப் பார்த்து அது என்ன நாள் என்று கேட்டாள், சொன்னேன். அன்றைக்குச் சிவப்புப் பேனா வேண்டும் என்கிறாள். பிளாஸ்திரியை இன்று ராத்திரி எடுக்கக் கூடாதாம், இலை இன்னும் முடியவில்லை.