கயலுக்கும் அரவிந்தனுக்கும் தாய்மாமன் வாழ்த்து

எல்லோருக்கும் வணக்கம். திருவையாற்றிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வேனில் வந்து இறங்கிய சம்பந்தி வீட்டாருக்குத் தனியாக ஒரு வணக்கம். பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள், தெரியும். ஆனாலும் பத்து நிமிடம் கொடுங்கள். கயல் பிறந்ததிலிருந்து இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

நான் கயலின் தாய்மாமன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறேன். இன்று அவள் தலையில் இருக்கிற பூ நம் தோட்டத்துப் பூ, விடியக்காலம் மொட்டாகக் கிள்ளியது. இந்த மாமனுக்கு இவளோடு முதல் வேலை காதுகுத்து. குலதெய்வக் கோயில் வாசலில், வேப்பமரத்தடியில், என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதைக் குத்தியபோது அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, திருதிருவென்று முழித்தாள். இடது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுவந்தபோதுதான் புரிந்துவிட்டது. அழுவதற்கு முன்னால் என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள், அப்புறம்தான் அழுதாள். இன்று காலையில் பட்டம் கட்டும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது, அப்போதும் அதே விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சொன்னால்தான் தெரியும், அதனால் சொல்கிறேன்.

என்ன வார்த்தை சொல்லி வாழ்த்துவது என்று ஒரு மாதமாக யோசித்தேன். அன்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் அக்கா, கயலின் அம்மா, யார் வாசல்படி ஏறினாலும் அடுப்படியிலிருந்தே "வந்துட்டியா?" என்று கேட்பாள். வந்தது யார் என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள், செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அவளுக்கு ஆள் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த கயலுக்கும் அதே கேள்வி, சென்னையில் வேலைக்குப் போய் ஆறு மாதம் கழித்து வந்தபோதும் அதே கேள்வி. எனக்குத் தெரிந்த அன்பு அதுதான், நாம் வருகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு வீட்டில் ஒரு ஆள் இருப்பது.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றி. இரண்டு வருடத்துக்கு முன்னால் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போது அரவிந்தன் எங்களுக்கு 'கயலோடு வேலை பார்க்கிற பையன்', அவ்வளவுதான். ராத்திரி பஸ் பிடித்து சென்னையிலிருந்து வந்துவிட்டார். எங்களிடம் இரண்டு வார்த்தை பேசினார், அப்புறம் ஒரு ஓரமாக நின்றுகொண்டார். ஓடி வந்த அவசரத்தில் அக்காவின் செருப்பு வார் அறுந்து போயிருந்தது. அந்தச் சில்லென்ற தரையில் வெறுங்காலோடு விடிய விடிய நின்றிருக்கிறாள், கூடப்பிறந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. காலையில் பார்க்கிறேன், பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு. அளவு சரியாக இருக்க வேண்டும் என்று அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்திருக்கிறார். அக்காவிடம் கொடுக்கக்கூட இல்லை, கால் படுகிற இடத்தில் வைத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். அன்றைக்கே என் மனசுக்குள் இவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். மச்சான் இதோ முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், நல்லபடியாக இருக்கிறார், அந்தக் கடவுளுக்கு நன்றி.

சரி, வாழ்த்துக்கு வருகிறேன். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று காலையிலிருந்து நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். பதினாறு என்றால் பிள்ளைகள் இல்லை, கல்வி, துணிவு, நோயில்லாத உடம்பு இப்படிப் பதினாறு செல்வம், பயப்படாதீர்கள். எனக்குப் பிடித்தது எங்கள் அப்பத்தா மஞ்சள் அரிசி போடும்போது சொல்கிற வாழ்த்து. ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க. சின்ன வயதில் சும்மா ராகமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். மண்ணில் இறங்கி வேலை பார்த்த பிறகுதான் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அருகம்புல்லோடு முப்பது வருடமாக மல்லாடுகிறவன் நான். மல்லிகைப் பாத்திக்குள் புகுந்துவிட்டால் கொத்திப் போட வேண்டும், வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கியதை வரப்பில் வெயிலில் காய வைக்க வேண்டும். ஒரு கணு, விரல் நீளத்துக்கு ஒரே ஒரு கணு மண்ணுக்குள் தங்கிவிட்டால் போதும், ஒரு மழைக்கு அந்த இடம் பச்சென்று ஆகிவிடும். கணுவுக்குக் கணு வேர்விடுகிற புல் அது. கோடையில் காய்ந்து செத்துப் போனது என்று நினைப்போம், சாகாது. சண்டை வரும், பணக்கஷ்டம் வரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத நாள்கூட வரும், எங்களுக்கும் வந்திருக்கிறது. அப்படி வெயில் காய்கிற நாளிலும் உங்கள் பிரியம் ஏதோ ஒரு கணுவில் உயிரோடு இருக்கட்டும். அருகுபோல் வேரோடுங்கள்.

நீங்கள் குடித்தனம் நடத்தப் போவது சென்னையில். ஒரு நாள் அடையாற்று ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள். 1989இல் அடித்த காற்றில் அந்த மரத்தின் தாய்த்தண்டு சாய்ந்துவிட்டது. ஆனால் அது முன்னமே இறக்கிவிட்டிருந்த விழுதெல்லாம் ஊன்றித் தண்டாகியிருந்தன, அவை மரத்தை இன்னும் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. மச்சான் படுத்த அந்த ராத்திரி எங்கள் வீட்டில் விழுதாக நின்றவள் கயல். அக்கா இடிந்துபோய்விட்டாள், எனக்குக் கையும் காலும் ஓடவில்லை, இந்தப் பெண்தான் கையெழுத்துப் போட்டாள், பணம் கட்டினாள், டாக்டரிடம் பேசினாள். சம்பந்தி அம்மா, உங்கள் வீட்டுக்கு வருகிற பெண் எப்பேர்ப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூங்கில் தனியாக நிற்காது, புதராகத்தான் நிற்கும், காற்றடித்தால் ஒன்று மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். நீங்களும் உங்கள் இரண்டு பேருக்குள்ளேயே எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். முடியவில்லை என்றால் ஒரு போன் போடுங்கள். திருவையாறும் இருக்கிறது, திண்டுக்கல்லும் இருக்கிறது, நிலக்கோட்டையிலிருந்து மாமன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான்.

மாப்பிள்ளை, எங்கள் கயலுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அப்போது நீங்களும் பேசாமல் இருந்துவிடாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். கயல், அவர் தனக்கு வேண்டியதை வாய்திறந்து கேட்கிற ஆள் இல்லை. நீதான் பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது எல்லோரும் தட்டிலிருந்து கொஞ்சம் அட்சதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசைக்கும் தட்டை அனுப்புங்கப்பா. ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல், கயல்விழியும் அரவிந்தனும் நூறாண்டு வாழ்க!

கயல், சாயங்காலம் கிளம்பும்போது அழுதுகொண்டே 'போறேன்' என்று சொல்லிவிடாதே. "போயிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல். அடுப்படியில் அவள் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பாள்.