தேக்காவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு: ஒரு குடும்ப உணவகமும் இரண்டாவது கிளையும்

(வணிகவியல் மாணவர்களுக்கான தனியாய்வு. வகுப்புப் பயன்பாட்டிற்காக உருவாக்கப்பட்ட நிலைமை. உணவகத்தின் தொகைகள் அனைத்தும் மாதிரிக் கணக்குகள். தொகைகள் சிங்கப்பூர் வெள்ளியில்.)

தேக்கா என்றும் அழைக்கப்படும் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் உள்ள பழைய கடைவீடு ஒன்றில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த உணவகம், மதியம் வாழையிலைச் சாப்பாட்டிற்கும் மீன் குழம்பிற்கும், மாலையில் பரோட்டாவிற்கும் தோசைக்கும் பெயர் பெற்றது. மொத்தம் 48 இருக்கைகள். ஊதியப் பட்டியலில் 11 பேர் உள்ளனர். உரிமையாளரான தந்தைக்கு 62 வயது. கல்லாவையும் கொள்முதலையும் அவர் கவனிக்கிறார். 58 வயதான தாய் காலை 5 மணிக்கு அடுப்படிக்கு வந்து, மசாலா வறுப்பதிலிருந்து ரசத்திற்கு உப்புப் பார்ப்பது வரை தானே செய்கிறார். இருவரும் ஊதியம் பெறுவதில்லை. 31 வயதான மகன் கடையிலேயே வேலை செய்கிறார். மூத்த மகள் வேறொரு நிறுவனத்தில் கணக்காளர்.

உட்லண்ட்ஸில் உள்ள கடைத்தொகுதி ஒன்றில் 36 இருக்கைகள் கொள்ளும் இடம் காலியானதும், அதை எடுக்க வேண்டும் என்று மகன் முன்மொழிந்தார். வடக்கு வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கின்றன என்பதும், வார இறுதியில் தேக்கா வரை வர அலுத்துக்கொள்வோர் அருகிலேயே கடை இருந்தால் வருவார்கள் என்பதும் அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் தாளில் எழுதிக் காட்டிய முதல் எண்ணிலேயே பிழை இருந்தது. மாத வருமானம் 103,550 வெள்ளி என்று அவர் எழுதியது, கல்லாவில் விழுந்த மொத்தப் பணம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டியதால் உணவகம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்துள்ளது. 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 9 விழுக்காட்டு வரியைக் கழித்தால் கடைக்கு உரியது 95,000 வெள்ளி மட்டுமே. மீதி, அரசுக்காகக் கல்லாவில் சில வாரம் தங்கிச் செல்லும் பணம்.

அந்த 95,000 வெள்ளியில் சமையல் பொருள்களுக்கு 31,350, மத்திய சேம நிதி உட்பட ஊதியச் செலவுக்கு 31,000, வாடகைக்கு 14,500, மின்சாரம், எரிவாயு, துப்புரவுக்கு 6,200, உணவு விநியோகத் தளங்களின் தரகு உள்ளிட்ட பிறவற்றுக்கு 4,400 என மொத்தம் 87,450 வெள்ளி போய்விடுகிறது. மிஞ்சுவது மாதம் 7,550 வெள்ளி. ஒரு வெற்றிகரமான கடையின் லாபம் இதுவே என்று மகன் கருதினார்.

மகள் ஒரு கேள்வி கேட்டார்: அம்மாவும் அப்பாவும் இல்லையென்றால் அந்த வேலைகளுக்கு எவ்வளவு கொடுப்போம்? தலைமைச் சமையல்காரருக்கு 4,200, மேலாளருக்கு 3,600 என்று வைத்து, முதலாளியின் 17 விழுக்காட்டு மத்திய சேம நிதிச் சந்தாவையும் சேர்த்தால் மாதம் 9,126 வெள்ளி ஆகிறது. அதாவது, இருபது ஆண்டுப் பெயருள்ள கடை உண்மையில் மாதம் 1,576 வெள்ளி நட்டத்தில் ஓடுகிறது. இரண்டு பேரின் கூலிதான் லாபம் என்ற பெயரில் குடும்பத்திற்குத் திரும்பி வருகிறது. பொருளாதாரத்தில் உள்ளார்ந்த செலவு என்று பாடமாகப் படிப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் குடும்ப உணவகத்தைப் போல் வேறொன்று அரிது. முதல் கடையில் அந்தச் செலவு கண்ணில் படாமல் இருக்கலாம். இரண்டாவது கடையில் அது முதல் மாதமே காசோலையாக வெளியேறும்.

புதிய கிளைக்கு முதலீடு 258,000 வெள்ளி: புகைபோக்கி, எரிவாயுக் குழாய், கழிவெண்ணெய்த் தொட்டி உட்பட உள்ளமைப்பிற்கு 165,000, மூன்று மாத வாடகை முன்பணம் 33,000, நடைமுறை மூலதனம் 60,000. சேமிப்பு 140,000 இருக்கிறது. மீதி 118,000 வெள்ளிக்கு ஐந்தாண்டு வங்கிக் கடன், தந்தையின் தனிப்பட்ட உத்தரவாதத்தின் பேரில். மாதத் தவணை சுமார் 2,340 வெள்ளி. வாடகை விஷயத்தில் ஒரு சிறு வெற்றி கிடைத்தது. அடிப்படை வாடகை அல்லது விற்பனையில் ஒரு பங்கு, இரண்டில் எது கூடுதலோ அது என்று வந்த முதல் வரைவை மகள் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த சில்லறைக் கடை வாடகைச் சட்டத்தின் நடத்தை விதிகள் ஒரே கணக்கீட்டு முறையைக் கோருவதைச் சுட்டிக்காட்டியதும், மூன்றாண்டுக்கு மாதம் 11,000 வெள்ளி என்று முடிவாயிற்று.

சமநிலைப் புள்ளிக்கு வருவோம். வாடகை 11,000, தலைமைச் சமையல்காரரும் மேலாளரும் உட்பட ஏழு பேருக்கு 24,000, மின்சாரம் முதலியன 3,800, உள்ளமைப்பின் தேய்மானம் 36 மாதத்திற்குப் பகிர்ந்து 4,580, வட்டி சராசரியாக 370: மாத நிலைச் செலவு 43,750 வெள்ளி. மாறும் செலவு விற்பனையில் 40 விழுக்காடு. ஆகவே, லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்பதற்கே மாதம் சுமார் 72,900 வெள்ளி, அதாவது நாளுக்கு 2,430 வெள்ளி விற்பனை தேவை. பொட்டலம் வாங்குவோரையும் சேர்த்து ஆளுக்கு 11 வெள்ளி என்றால் 221 பேர்; ஓர் இருக்கைக்கு 6 பேருக்கும் சற்று மேல்.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் எதுவும் புலப்படாது. பழைய கடையோடு ஒப்பிட வேண்டும். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை விற்பனை 5,400 வெள்ளி. விடுமுறை நாளில் லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களே அதற்குக் காரணம். மாத வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த நான்கைந்து நாள்களில் வருகிறது. மற்ற நாள்களில் இருக்கைக்குச் சராசரி 5.3 பேர்தான். ஆக, பெயரே தெரியாத புதுக் கிளை, இருபது ஆண்டுப் பழைய கடையின் வாரநாள் கூட்டத்தைவிடக் கூடுதலான கூட்டத்தைத் தினமும் ஈர்த்தால்தான் நட்டமின்றி நிற்கும். விற்பனை மாதம் 60,000 வெள்ளியில் நின்றுவிட்டால், தவணையையும் சேர்த்துக் கையிலிருந்து மாதம் 5,140 வெள்ளி போகும். நடைமுறை மூலதனம் 12 மாதத்திற்குள் தீர்ந்துவிடும். வாடகை ஒப்பந்தமோ 36 மாதத்திற்கு.

ஆள் பற்றாக்குறை இன்னொரு முடிச்சு. சேவைத் துறை நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு ஊழியர் பங்கு 35 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் அமர்த்த முடிகிறது. ஆனால் நிலையான மாத ஊதியம் குறைந்தது 2,000 வெள்ளியாக இருக்க வேண்டும், இவ்வகை ஊழியர்கள் நிறுவனத்தின் மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 11 பேரில் ஒருவர் என்றாலே 9 விழுக்காடு ஆகிவிடுகிறது. கிளை திறந்து 18 பேரானால் ஒருவரை எடுக்கலாம். விரிவடைந்தால்தான் ஆள் கிடைக்கும், ஆள் கிடைத்தால்தான் விரிவடையலாம் என்ற இக்கட்டைச் சிறு உணவகங்கள் பலவும் அறியும்.

சுவையை எப்படிக் கொண்டுபோவது? தாய் மிளகாயையும் மல்லியையும் ஒரு பழைய பால் டின்னால் அளந்து போடுகிறார். மகள் இரண்டு வாரம் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நாளும் டின்னைத் தராசில் வைத்தார். மல்லியின் எடை நாளுக்கு நாள் 40 கிராம் வரை மாறியது. ஈரப்பதத்தையும் மிளகாயின் காரத்தையும் பார்த்துத் தாயின் கை தானாகக் கூட்டிக் குறைக்கிறது, தவறுதலாக அல்ல. அந்தக் கணிப்பை எழுதி வைக்க முடியுமா என்பது இன்னும் தெளிவாகவில்லை. உட்லண்ட்ஸுக்கு வந்து முதல் சில மாதம் நிற்க முடியுமா என்று மகன் கேட்டபோது தாய் சொன்னது இதுதான்: “நான் அங்க வந்து நின்னா, இங்க யாருப்பா நிக்கிறது?”

குடும்பத்தின் முன் வேறு இரு வழிகளும் உள்ளன. ஒன்று, கிளை எதுவும் வேண்டாமென்று, காலைப் பலகாரத்தையும் அலுவலகங்களுக்கான மொத்தச் சமையலையும் தேக்காவிலேயே தொடங்குவது. மற்றொன்று, உட்லண்ட்ஸில் ஒரு காப்பிக்கடைக்குள் தோசையும் பரோட்டாவும் மட்டும் விற்கும் சிறு கடை போடுவது. 35,000 வெள்ளி உள்ளமைப்பு, 4,500 வெள்ளி வாடகை. மீன் குழம்பு அங்கே இருக்காது. பிரித்தெடுத்துக் கற்றுக்கொடுக்கக்கூடிய பண்டங்களை மட்டும் கொண்டுபோவதால், இந்த ஆய்வை எழுதியவருக்கு இதுவே கூடுதல் கவனத்திற்குரியதாகத் தோன்றுகிறது. மகனோ இதைத் தன் திட்டத்தின் கேலி வடிவமாகப் பார்க்கிறார்.

கடைத்தொகுதி நிர்வாகம் பதிலுக்கு 14 நாள் அவகாசம் தந்துள்ளது.

கலந்துரையாடலுக்கு: பெற்றோரின் ஊதியமில்லா உழைப்பைக் கணக்கில் சேர்த்த பின், வங்கிக்குக் காட்ட வேண்டிய லாபம் எது, குடும்பம் முடிவெடுக்கப் பயன்படுத்த வேண்டிய லாபம் எது? ஆளுக்கான சராசரிச் செலவு 11 வெள்ளியிலிருந்து 13 வெள்ளியாக உயர்ந்தால் சமநிலைக்குத் தேவையான வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அந்த விலையை உட்லண்ட்ஸ் குடும்பங்கள் ஏற்குமா என்று வாதிடுக. உள்ளமைப்பின் தேய்மானத்தை ஐந்தாண்டுக்குப் பகிர்வது சரியா? தந்தையின் இடத்தில் நீங்கள் இருந்தால், தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்திடுமுன் மகனிடம் எந்த மூன்று தகவல்களைக் கேட்பீர்கள்?